விளக்கின் மேனி

1938-ஆம் ஆண்டில் என் தாயாருக்குத் திருமணம் நடந்தபோது, பிறந்த வீட்டிலிருந்து வந்த சீர்வரிசைகளையெல்லாம் என் பாட்டனார் நீளமான காகிதம் ஒன்றில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். வெண்கலப் பானைக்கும் செப்புத் தவலைக்கும் நடுவே, நாச்சியார்கோயில் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று, எடை இரண்டு வீசை பதினாறு பலம் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. காகிதம் மடிப்புகளில் கிழிந்து பழுத்துவிட்டது; விளக்கோ இன்றும் எங்கள் பூஜை அறையில் நின்று எரிந்துகொண்டிருக்கிறது. அந்தக் காகிதம் மீண்டும் என் கைக்கு வந்த ஒரு நாளில், விளக்கைக் கழற்றித் துடைத்து, நம்பகமான ஒரு தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

சென்னை ராஜதானியின் பழைய நிறுத்தலளவையில் மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை. பலம் ஒன்றுக்கு இக்காலக் கணக்கில் ஏறத்தாழ 35 கிராம் ஆகையால், இரண்டு வீசை பதினாறு பலம் என்பது 96 பலம், அதாவது 3,360 கிராம். என் தராசு காட்டியது 3,180 கிராம். அன்றைய பாத்திரக் கடைத் தராசு அரைப் பலம் முன்பின் காட்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், அதற்கு 18 கிராமுக்கு மேல் ஒதுக்க முடியாது. விளக்கில் ஒரு மூக்கும் உடையவில்லை, ஒரு பாகமும் மாற்றப்படவில்லை. அப்படியிருக்க 180 கிராம் பித்தளை எங்கே போயிற்று என்ற கேள்வியே இந்த அத்தியாயத்தின் பொருள்.

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் இருக்கிறது நாச்சியார்கோயில். அவ்வூர்ப் பெருமாள் கோயிலின் கல்கருடன், சந்நிதியிலிருந்து புறப்படுகையில் நால்வர் தோளில் அமர்ந்து, வெளிப் பிராகாரங்களைக் கடக்கக் கடக்க எட்டுப் பேர், பதினாறு பேர் என்று மேலும் மேலும் ஆட்களை வேண்டும்படி கனத்துக்கொண்டே போவார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அதே ஊரின் பட்டறைகளில்தான், காவிரிப் படுகையின் வழவழப்பான வண்டல் மண்ணில் அச்சுக் கட்டிப் பித்தளையை வார்க்கும் கலை தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறது. விளக்கு ஒரே வார்ப்பாக வருவதில்லை. கீழே அகன்ற பாதம், அதன்மேல் தண்டு, தண்டின் தலையில் ஐந்து மூக்குகளோடு கூடிய எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னப்பறவை என நான்கு பாகங்களும் தனித்தனியே வார்க்கப்பட்டு, கடைசல் இயந்திரத்தில் கடையப்பட்டு, மரையினால் ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கப்படுகின்றன. இவ்வாறு பாகம் பாகமாகக் கழன்று வருவது, நம் ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். செம்பு உருகுவதற்கு 1,085 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 420 பாகையிலேயே உருகி, 907 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே உருகிய செம்பில் துத்தநாகத்தைச் சேர்க்கும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகி, பஞ்சுபோன்ற வெண்புகையாக மூசையின் வாயிலிருந்து எழுகிறது. அந்தப் புகையை மிகுதியாகச் சுவாசித்தவருக்கு அன்று மாலையே குளிர்காய்ச்சல் போன்ற ஒரு காய்ச்சல் காண்பதுண்டு. துத்தநாகம் சேரச் சேரச் செம்பின் சிவப்பு வெளிறிக்கொண்டே வரும். நூற்றுக்குப் பதினைந்து இருபது பங்கு கலந்த நிலையில் பொன்னிறமும், முப்பதைத் தாண்டினால் நமக்குப் பழக்கமான மஞ்சள் நிறமும் தோன்றுகின்றன. கடைசலின்போது உலோகம் உளிக்கு இணங்கிச் சிறு சிறு துருவலாக உதிர்வதற்காகச் சிறிதளவு ஈயமும் சேர்ப்பார்கள்.

விளக்கு வாங்குகிறவர்கள் கையில் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் நல்லது என்று முடிவு செய்கிறார்கள். கனம் ஒரு குணந்தான். ஆனால் பித்தளையின் கனமும் பித்தளைக்குள் மறைந்திருக்கும் வேறு பொருளின் கனமும் கைக்கு ஒன்றாகவே தெரியும். வார்ப்பில் பாதமும் தண்டும் உள்ளீடற்றவை. அந்த வெற்றிடத்தில் அரக்கும் செங்கற்பொடியும் கலந்து நிரப்பிவிட்டாலோ, தண்டுக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிவிட்டாலோ, எடைக் கணக்கில் விற்கப்படும் பண்டத்தில் வாங்குகிறவர் மண்ணுக்கும் பித்தளை விலை கொடுத்தவராகிறார். இரும்பைக் காந்தம் காட்டிக் கொடுத்துவிடும், ஏனெனில் பித்தளையைக் காந்தம் இழுப்பதில்லை. அரக்கையும் மண்ணையும் கண்டுபிடிக்க ஆர்க்கிமிடீஸ் என்னும் கிரேக்க ஞானியின் பழைய உபாயத்தைத்தான் நாட வேண்டும்.

எங்கள் விளக்கின் தண்டை எடுத்துக்கொள்வோம். தராசுத் தட்டில் வைத்தபோது அதன் எடை 1,120 கிராம். பிறகு ஒரு நூலில் கட்டி, தராசின் கொக்கியிலிருந்து தொங்கவிட்டு, வாளித் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி செய்தேன். இப்போது தராசு காட்டியது 988 கிராம். குறைந்த 132 கிராமும், தண்டு தன் பருமனுக்குச் சமமாக ஒதுக்கித் தள்ளிய தண்ணீரின் எடை. 1,120-ஐ 132-ஆல் வகுத்தால் 8.48 வருகிறது, தண்ணீரைவிட இத்தண்டின் உலோகம் அத்தனை மடங்கு கனமானது என்பது பொருள். நல்ல பித்தளை 8.4-க்கும் 8.7-க்கும் இடையில் நிற்க வேண்டுமாகையால், எங்கள் தண்டு சோதனையில் தேறிவிட்டது. பின்னர் நண்பர் ஒருவர் வீட்டில் புதிதாக வாங்கிய விளக்கின் பாதத்தை இதே முறையில் நிறுத்தபோது, காற்றில் 1,410 கிராம், நீரில் 1,175 கிராம் என்று வந்தது. 235 கிராம் குறைவு. வகுத்தால் சரியாக 6. அடியில் ஒட்டியிருந்த தகட்டை நெம்பி எடுத்துப் பார்த்தோம். உள்ளே கறுத்த அரக்கு நிறைந்திருந்தது.

இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் ஒன்றில் மட்டும் கவனமாயிருக்க வேண்டும். பாதத்தைக் கவிழ்த்த வாக்கிலேயே நீரில் இறக்கினால் அதன் குழிவில் காற்று அடைபட்டு நின்றுவிடும். அந்தக் காற்று நல்ல பித்தளையையும் போலியாகக் காட்டிவிடும். நிமிர்த்திச் சாய்த்து, குமிழிகள் முற்றும் வெளியேறும்வரை அசைத்து, அதன்பின் நிறுக்க வேண்டும். ஈயம் அதிகம் கலந்த மலிவுப் பித்தளையை இச்சோதனை பிரித்துக் காட்டாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், ஏனெனில் ஈயம் பித்தளையைவிடக் கனமானது.

எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது முக்கியம். அறுபது சென்டிமீட்டர் உயரமான விளக்கின் பாதம் இருபது சென்டிமீட்டர் அகலமும், அதன் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து இருபது சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாயின், ஏறத்தாழ 27 பாகை சாய்க்கும் வரையில் அது தானே நிமிர்ந்துகொள்ளும். உச்சியின் அன்னத்தைப் பெரிதாக்கி, பாதத்தை மெலிவாக வார்த்து, மையத்தை இருபத்தெட்டுக்கு உயர்த்திவிட்டால், இருபது பாகைச் சாய்விலேயே விளக்கு கவிழ்ந்துவிடும். எண்ணெயும் நெருப்பும் குழந்தைகளும் ஒரே அறையில் இருக்கிற வீட்டில் இந்த ஏழு பாகை சிறு விஷயமன்று.

இனி விளக்கின் மெருகுக்கு வருவோம். அச்சிலிருந்து வெளிவந்த வார்ப்பு சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். அரத்தினால் பிசிறு நீக்கி, கடைசலில் வரி வரியாகக் கடைந்து, உளியால் அன்னத்தின் இறகுகளைக் கொத்தி, கடைசியில் சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்றியதும் அதே உலோகம் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. உலோகத்தில் எந்த மாறுதலும் நிகழவில்லை. அதன் மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் மட்டுமே சிறுத்திருக்கின்றன. ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானில் பாதியளவு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கீறல்கள் அதைவிடப் பெரியனவாக இருக்குமளவும் ஒளி நாலா திசையிலும் சிதறும். அதைவிட மிகவும் சிறியனவாகிவிட்டால் ஒளி ஒரே ஒழுங்காகத் திரும்பி வரும். ஆகவே நாம் மெருகு என்று வியப்பது மைக்ரானுக்கும் குறைந்த ஆழத்தில் நிகழும் ஒரு விசேஷம். அந்த ஆழம் இவ்வளவு சிறியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னே வரும் செய்திகளெல்லாம் எளிதில் விளங்கும்.

சில கடைகளில் விளக்கின்மீது நிறமற்ற வார்னிஷ் பூசி விற்கிறார்கள். அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் பொருளுக்கு அது பொருந்தலாம். ஏற்றுவதற்கான விளக்குக்குப் பொருந்தாது. மூக்கின் அருகே சுடரின் சூட்டில் அந்தப் பூச்சு பழுத்து உரிந்து, உரிந்த ஓரங்களின் அடியில் ஈரம் புகுந்து, புழு ஊர்ந்த தடம் போன்ற கறுப்பு வரிகளை உண்டாக்கிவிடும். பிறகு எந்தப் புளியும் அந்த வரிகளைத் தொடாது, ஏனென்றால் அவை பூச்சுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன.

பூச்சில்லாத விளக்கைத் தேய்த்துத் துடைத்து வைத்த அந்தக் கணத்திலிருந்தே காற்றிலுள்ள பிராணவாயு அதன்மேல் வேலை தொடங்கிவிடுகிறது. செம்பு செந்நிற ஆக்ஸைடாகவும், துத்தநாகம் வெண்ணிற ஆக்ஸைடாகவும் மாறி, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய ஒரு படலம் முதலில் படர்கிறது. இரண்டு மூன்று நாட்களில் பொன்னின் பளபளப்புச் சற்றே அடங்குவது இதனால்தான். காற்றில் மிகச் சிறிய அளவில் எப்போதும் இருக்கும் கந்தக வாயுக்கள் இப்படலத்தில் சேரும்போது நிறம் தேநீர்போலவும், பின்னர்க் கருங்காலிபோலவும் இருள்கிறது. கையால் தொட்ட இடத்தில் வியர்வையின் உப்பு தங்கி, சில நாள் கழித்து விரல் ரேகையையே பதித்துக் காட்டுகிறது. சந்தனமும் குங்குமமும் இட்ட இடங்களில் ஈரம் நெடுநேரம் நிற்பதால், அவற்றைத் துடைத்த பின்னும் பொட்டின் வட்டம் மேனியில் தங்கிவிடுகிறது. கடலோர ஊர்களில் இவையனைத்தும் விரைந்து நிகழும்.

இந்த மாசுக்குத் தமிழில் களிம்பு என்று பெயர். சைவ சித்தாந்திகள், ஆன்மாவைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பிலுள்ள களிம்பையே உவமையாக எடுத்தார்கள். களிம்பு செம்போடு உடன்பிறந்தது, வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று என்பது அவர்கள் கருத்து. ரசாயன சாஸ்திரம் இதில் பாதியை ஏற்றுக்கொள்கிறது. களிம்பு பிறப்பதற்குக் காற்றும் ஈரமும் வெளியிலிருந்து வரவேண்டும். ஆனால் களிம்பாக மாறுவது வெளியிலிருந்து வந்து படிந்த தூசி அல்ல, செம்பேதான். நாம் அழுக்கு என்று எண்ணித் தேய்த்துக் களைவதெல்லாம் நேற்றுவரை விளக்காக இருந்த உலோகம். அந்த உவமையை வகுத்தவர்கள் உலோகத்தை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருக்கிறார்கள் என்று எண்ணும்போது எனக்குப் பெரும் மரியாதை உண்டாகிறது.

எண்ணெய்த் தட்டில் நிகழ்வது வேறு. அங்கே நாட்பட்ட எண்ணெயின் அடியில் பாசிபோன்ற பசிய பிசின் ஒன்று படிந்திருப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். எண்ணெய் காற்றுப்பட்டுக் காறும்போது அதிலிருந்து கொழுப்பமிலங்கள் பிரிகின்றன. அவை செம்பின் ஆக்ஸைடோடு கூடிப் பசுமையான ஒருவகைச் சவர்க்காரமாகின்றன. சோடாவோடு கூடினால் குளிக்கும் சோப்பு, செம்போடு கூடினால் இந்தப் பச்சைப் பிசின். அது மட்டுமன்று, எண்ணெயில் கரைந்த செம்பு, எண்ணெய் காறுவதையே மேலும் துரிதப்படுத்துகிறது. ஆகையால் பழைய எண்ணெயின்மேல் புதிய எண்ணெயை ஊற்றுவது, தயிர்ப் பானையில் பாலை ஊற்றுவதற்கு ஒப்பாகும். எண்ணெய்க்கு எண்ணெய் வேற்றுமையும் உண்டு. நல்லெண்ணெய் மெல்லியதாகப் பரவிய இடத்தில் காற்றுப்பட்டு நாளடைவில் பிசுபிசுத்து இறுகும் தன்மை ஓரளவு உடையது. விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் அவ்வாறு இறுகுவதில்லை. மரைகளில் கசிந்த நல்லெண்ணெய் இறுகிக்கொள்வதால்தான் ஆண்டுக்கணக்காகக் கழற்றாத விளக்கு பிறகு கழல மறுக்கிறது. அப்போது பலாத்காரமாகத் திருகினால் மரை அறுந்துபோகும். வெந்நீரில் அரைமணி நேரம் வைத்து, இணைப்பில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, அது ஊறும்வரை பொறுத்திருந்து, துணி சுற்றிய கையால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்தால் கழன்றுவிடும்.

விளக்குத் தேய்ப்பதற்கு நம் வீடுகளில் புளி எவ்வாறு வந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் மிகப் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். புளியில் நிறைந்திருக்கும் டார்டாரிக் அமிலம் செம்பு, துத்தநாக ஆக்ஸைடுகளைக் கரைத்து, கரைந்த செம்பு மீண்டும் படியாதவாறு தன்னோடு பிணைத்துக்கொண்டுவிடுகிறது. படலம் நீங்கிய பின் வெளிப்படும் உலோகத்தையோ, சில நிமிஷ நேரத்தில் அது அவ்வளவாகத் தீண்டுவதில்லை. செம்பு தானாக அமிலத்தில் கரையாது, முதலில் பிராணவாயுவோடு கூடியாக வேண்டும். ஆகவே புளி களிம்பை உண்டு உலோகத்தை விட்டுவிடுகிறது. இதில் நேரம் ஒன்றே வரம்பு. புளியைத் தடவிவிட்டு வேறு வேலைக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தால், ஈரமான அமிலத்தின் வழியே காற்று உலோகத்தை மேலும் மேலும் ஆக்ஸைடாக்க, அமிலம் அதை மேலும் மேலும் கரைத்துக்கொண்டே இருக்கும். செம்பைவிடத் துத்தநாகம் எளிதில் கரைவதால், அது முந்திக்கொண்டு வெளியேறிவிட, மேற்பரப்பில் செம்பு மிகுதியாக எஞ்சிச் சிவந்த திட்டுக்கள் தோன்றும். தேய்த்த விளக்கு இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது சுத்தத்தின் அடையாளமன்று. அமிலம் அளவுக்கு மீறி நின்றுவிட்டது என்பதன் அடையாளம். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக்கூடாது என்று சமையலறையில் வழங்கும் விதியும் இதே காரணத்தால் பிறந்ததுதான்.

ஆகவே தேய்க்கும் முறையை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் விளக்கை முழுவதும் கழற்றி, எஞ்சிய எண்ணெயை வடித்துவிட்டு, பழந்துணியால் பிசுக்கை வழித்தெடுக்க வேண்டும். அடுத்து வெந்நீரில் சீயக்காய்ப் பொடியோ அரப்போ கரைத்து எண்ணெய்ப் பசை நீங்கும்வரை கழுவ வேண்டும். இதைச் செய்யாமல் புளியை எடுப்பதே பெரும்பாலோர் செய்யும் பிழை. எண்ணெய் படர்ந்த இடத்தில் புளித் தண்ணீர் ஒட்டாமல் வழுக்கி ஓடிவிடும். ஒட்டவில்லையே என்று நாரை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்த அழுத்தம் களிம்பை விட்டுவிட்டு மேடான இடங்களின் உலோகத்தைத் தின்னும். பசை நீங்கியதும், ஊறவைத்துக் கரைத்த புளியை ஒவ்வொரு பாகமாகத் தடவி, இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகாமல், மென்மையான தேங்காய் நாரால் கடைசல் வரிகளின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். பிறகு நீர் மாற்றி மாற்றி மும்முறை கழுவி, கடைசி நீரில் ஒரு கைப்பிடிச் சாம்பலைக் கரைத்துக்கொள்வது நலம்; சாம்பலின் காரம் இடுக்குகளில் எஞ்சிய அமிலத்தைச் சமன்செய்துவிடும். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, மரைத் துளைகள் காயும்வரை வெயிலில் கவிழ்த்து வைத்து, இறுதியாக உலர்ந்த விபூதியைப் பருத்தித் துணியில் தொட்டு மெல்லத் துடைத்தால், விபூதியின் நுண்துகள் எஞ்சிய மங்கலை வாங்கிக்கொண்டு மெருகைத் தந்துவிடும். செங்கற்பொடியும் மணலும் இந்த வேலைக்கு உரியவையல்ல. அவற்றின் ஒவ்வொரு துகளும் மைக்ரானைப் போலப் பன்மடங்கு பெரிய கீறலை இட்டுச் செல்லும்.

சீக்கிரம் பளபளக்கிறது என்று சிலர் புளியோடு உப்பைச் சேர்க்கிறார்கள். பளபளக்கத்தான் செய்யும், ஆனால் உப்பிலுள்ள குளோரைடு வார்ப்பின் நுண்துளைகளில் புகுந்துகொண்டால் எளிதில் வெளியேறாது. மழைக்காலத்து ஈரக்காற்றில் அது விழித்தெழுந்து, வெளிறிய பச்சைப் பொடியாகப் பூக்கும். துடைத்தால் போய்விடும், சில நாளில் அதே இடத்தில் மீண்டும் பூக்கும். எண்ணெய்ப் பிசினின் பச்சை, ஈரமும் ஒட்டும் தன்மையும் உடையது. இந்தப் பச்சையோ உலர்ந்து உதிர்வது, அடியில் சிறு குழியை விட்டுச் செல்வது. இரண்டையும் இவ்வாறு பிரித்தறியலாம். பின்னதைக் கண்டால் அந்தப் பாகத்தை மழைநீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, ஒரு வாரமாவது உப்பை வெளியேற்ற வேண்டும்.

இன்னொரு பகை அம்மோனியா. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலிருந்த ராணுவத்தார், பித்தளைத் தோட்டா உறைகளை மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது, அவை யாரும் தொடாமலே நீளவாட்டில் வெடித்துக் கிடந்ததைக் கண்டார்கள். பருவந்தோறும் நிகழ்ந்ததால் பருவ வெடிப்பு என்ற பெயரே அதற்கு ஏற்பட்டது. குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, உறைகளை இழுத்துச் செய்தபோது உலோகத்துக்குள் அடைபட்டுவிட்ட இறுக்கத்தோடு சேர்ந்து அவற்றைப் பிளந்தது என்பது 1921-இல் விளக்கப்பட்டது. வார்த்த விளக்கில் அத்தகைய இறுக்கம் குறைவு. ஆனால் தகட்டை அழுத்தி வளைத்துச் செய்த மெல்லிய விளக்குகளிலும் தாம்பாளங்களிலும் அது உண்டு. அத்தகைய பண்டங்களை மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறைகளில் வைத்திருந்த குடும்பங்கள், விளிம்பில் மயிரிழைபோன்ற வெடிப்பைக் கண்டு, கீழே போட்டவர் யார் என்று வேலைக்காரரைக் கடிந்துகொண்டிருப்பார்கள். அம்மோனியா கலந்த மெருகுக் குழம்புகளைக் கடையில் வாங்கி உபயோகிக்கிறவர்களும், அதை முற்றக் கழுவிவிட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

விளக்கைத் தேய்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்கலாம். களிம்புப் படலம் இரும்பின் துருவைப் போன்றதன்று. துரு பொரிந்து உதிர்ந்து, புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டே போகும். பித்தளையின் படலமோ இறுகப் பற்றிக்கொண்டு, தான் தடிக்கத் தடிக்கக் காற்றுக்கும் உலோகத்துக்கும் இடையே திரையாகி, தன் வளர்ச்சியைத் தானே மந்தப்படுத்திக்கொள்கிறது. முதல் மாதத்தில் காணும் நிறமாற்றம் அடுத்த ஓராண்டில் காணக்கிடைக்காது. உப்பும் காறிய எண்ணெயும் படாமல், உலர்ந்த அறையில், துணியால் மட்டும் துடைத்துவரப்பட்ட விளக்கு, சில ஆண்டுகளில் தேன் நிறமும் பின்னர்ப் பழுப்பும் ஏறி அங்கேயே நின்றுவிடும். அந்தப் பழுப்புக்கு அடியில் உளியின் ஒவ்வொரு கொத்தும் புத்தம் புதிதாக இருக்கும்.

வியாழக்கிழமைதோறும் விளக்குத் தேய்த்து வெள்ளிக்கிழமை ஏற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். மங்கிய விளக்கு மங்கலக் குறைவு என்ற எண்ணத்தை நான் அவமதிக்க மாட்டேன். ஆனால் எண்ணெய் நிற்கும் தட்டையும் திரி எரியும் மூக்குகளையும் வாரந்தோறும் கழுவித் துடைத்து, விளக்கு முழுவதையும் புளியிட்டுத் தேய்ப்பதைப் பொங்கல், கார்த்திகை போன்ற நாட்களுக்கு முன்னே ஆண்டுக்கு நாலைந்து முறை என்று வைத்துக்கொண்டால் போதும் என்பது என் துணிபு. அப்போதும் அன்னத்தின் இறகு இடுக்குகளில் தங்கும் கருமையைக் குச்சியால் குடைந்தெடுக்க வேண்டியதில்லை. மேடு ஒளிர, பள்ளம் இருண்டிருந்தால்தான் இறகு இறகாகத் தெரியும்.

இனி அந்த 180 கிராமுக்குத் திரும்புவோம். விளக்கின் நான்கு பாகங்களின் வெளிப்பரப்பையும் நூலிட்டு அளந்து, ஏறத்தாழ 1,000 சதுர சென்டிமீட்டர் என்று கணக்கிட்டேன். 180 கிராம் பித்தளையின் பருமன் 21 கன சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அதை அந்தப் பரப்பின்மேல் சமமாகப் பரப்பினால் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தடிமன் வருகிறது. என் தாயார் அந்த விளக்கை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாரந்தவறாமல் தேய்த்தார். சுமார் 2,600 முறை. வகுத்துப் பார்த்தால் ஒரு முறைக்கு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு வாரத்தில் காற்று உண்டாக்கிய களிம்பும், நாரின் உராய்வில் போன துளி உலோகமும் சேர்ந்து அவ்வளவு இருக்கும் என்பது நம்பத்தக்கதே. ஒவ்வொரு வியாழக்கிழமையும் முற்றத்துச் சாக்கடையில் புளித் தண்ணீரோடு இளநீல நிறமாக ஓடியது அதுதான்.

எல்லா இடங்களும் சமமாகத் தேயவில்லை. அன்னத்தின் மார்பு, கை அதிகமாகப் பட்ட இடமாதலால், இறகின் வரிகளை அறவே இழந்து உருண்டையாகிவிட்டது. கழுத்துக்குக் கீழே உள்ள இடுக்கில் மட்டும் நான்கு இறகுகள் கூர்மை மாறாமல் நிற்கின்றன. இதைக் காட்டிலும் தெளிவான சாட்சி தண்டின் தலையில் இருக்கிறது. எண்ணெய்த் தட்டைத் திருகி அமர்த்தும் இடத்தில், தட்டின் அடிப்பகுதி தண்டின் தோளை ஒரு விரல் அகலத்துக்கு மூடிக்கொள்கிறது. என் தாயார் தட்டைக் கழற்றாமலே தேய்ப்பது வழக்கமாதலால், அந்த வளையத்துக்குள் புளியும் நாரும் ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட எட்டவில்லை. தட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நாச்சியார்கோயில் கடைசல்காரரின் உளி இட்ட மெல்லிய வட்ட வரிகள் அங்கே பழுப்பு நிறத்தில் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. வளையத்தின் விளிம்பைத் தாண்டியதும் வரிகள் மறைந்து, மேனி வழவழத்து, மஞ்சளாகி, கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படியை, நகத்தை வைத்து இழுத்தால் விரல் உணர்கிறது.